சுற்றறிக்கையின் குரல் வினைமுற்றில் இருக்கிறது

வணக்கம் ஐயா. ஓர் அரசுத் துறைக்கு ஒப்பந்த அடிப்படையில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை பற்றிய 46 பக்க ஆங்கிலச் சுற்றறிக்கையை மூன்று பேர் பிரித்துக்கொண்டு தமிழாக்கினோம். கலைச்சொற்களுக்குப் பொதுப் பட்டியல் வைத்திருந்தோம், அதை ஒழுங்காகவும் பின்பற்றினோம். அப்படியும் பிரிவு அலுவலர், “ஒரு பக்கம் உத்தரவு போடுகிறது, அடுத்த பக்கம் கெஞ்சுகிறது, இன்னொரு பக்கம் செய்தித்தாள் மாதிரி இருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பத்து நாளில் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிரிவு அலுவலர் நோயைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். உத்தரவு போடுவதும் கெஞ்சுவதும் செய்தி சொல்வதும் பெயர்ச்சொல்லின் வேலை இல்லை. தமிழில் அந்த வேலையை வாக்கியத்தின் கடைசியில் வருகிற வினைமுற்று செய்கிறது. உங்கள் பட்டியல் பெயர்ச்சொற்களைக் காப்பாற்றியது. வினைமுற்றுகளுக்கு யாரும் பட்டியல் போடவில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பங்களை வட்டாட்சியர் 15 நாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும் என்று ஆங்கில மூலம் ‘ஷல்’ போட்டுச் சொல்கிறது. உங்கள் மூவரில் ஒருவர், “வட்டாட்சியர்கள் விண்ணப்பங்களை 15 நாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும்” என்று எழுதியிருப்பார். இன்னொருவர், “விண்ணப்பங்கள் வட்டாட்சியரால் 15 நாட்களுக்குள் சரிபார்க்கப்படும்” என்று எழுதியிருப்பார். மூன்றாமவர், “வட்டாட்சியர்கள் விண்ணப்பங்களை 15 நாட்களுக்குள் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று முடித்திருப்பார். மூன்றிலும் வட்டாட்சியர், விண்ணப்பம், சரிபார்த்தல் என எல்லாச் சொல்லும் ஒன்றுதான். ஆனால் முதலாவது கடமை. இரண்டாவது, யாரோ பொதுமக்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதி போல இருக்கிறது. மூன்றாவது வேண்டுகோள்.

இது காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்ற பிரச்சினை மட்டும் இல்லை. நான் பணியில் இருந்தபோது ஒரு துறையின் சுற்றறிக்கையில், ஆங்கிலத்தில் ‘பணிக்கப்படுகிறார்கள்’ என்ற பொருளில் இருந்ததை நாங்கள் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று எழுதிவிட்டோம். மற்ற பத்திகளில் ‘வேண்டும்’ இருந்தது. சில மாதம் கழித்து, அந்த ஒரு பத்தியில் சொன்ன பதிவேட்டைப் பல அலுவலகங்கள் தொடங்கவே இல்லை என்று தெரிந்தது. கேட்டபோது வந்த பதில்: “மற்றதெல்லாம் வேண்டும் என்று இருக்கிறது, இது மட்டும் கேட்டுக்கொள்ளப்படுகிறது என்று இருந்ததே.” அவர்கள் படித்த விதம் சரி. ஒரே ஆவணத்தில் முடிவு மாறினால், அது வேண்டுமென்றே மாற்றப்பட்டது என்றுதான் அனுபவமுள்ள அலுவலர் எடுத்துக்கொள்வார். அன்றிலிருந்து எந்தச் சுற்றறிக்கையிலும் நான் முதலில் பார்ப்பது வாக்கியங்களின் வாலைத்தான்.

எனவே மூவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு முடிவுப் பட்டியல் ஒன்று போடுங்கள். அலுவலருக்குக் கடமை விதிக்கும் இடத்தில் எப்போதும் ‘வேண்டும்’. செய்தல் வேண்டும், செய்திடல் வேண்டும், செய்ய வேண்டும் என்ற மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘செய்திடல்’ என்பதில் உள்ள ‘இடு’ எந்தப் பொருளையும் கூட்டுவதில்லை, கம்பீரம் கூடியது போன்ற தோற்றம் மட்டும் தருகிறது. நான் ‘செய்ய வேண்டும்’ என்பதையே எடுப்பேன். தடைக்குக் ‘கூடாது’. ஒரு செயல் தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் ‘வேண்டியதில்லை’. இந்த இரண்டும் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். “புதிய சான்று கேட்கக் கூடாது” என்பதற்கும் “புதிய சான்று கேட்க வேண்டியதில்லை” என்பதற்கும் நடுவில் ஒரு முதியவரின் இரண்டு நாள் அலைச்சல் இருக்கிறது. முதலாவது அலுவலரைத் தடுக்கிறது. இரண்டாவது அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

விருப்புரிமை தரும் இடத்தில் ‘லாம்’. பேச்சில் ‘போகலாம்’ என்றால் ‘வா, சேர்ந்து போவோம்’ என்றும் பொருள் வரும், எழுத்தில் அந்தக் குழப்பம் வராது. ஆனால் மூலத்தில் உள்ள ‘மே’ ஓர் அதிகாரத்தை வழங்குகிறதென்றால், ‘லாம்’ மெலிந்துபோகும். “மாவட்ட ஆட்சியர் உரிய காரணங்களைப் பதிவுசெய்து தளர்வு அளிக்கலாம்” என்று எழுதி, காரணம் பதிவுசெய்வது கட்டாயம் என்றால் அதைத் தனி வாக்கியமாக்கி ‘வேண்டும்’ என்று முடியுங்கள். இல்லையென்றால் அந்த ‘லாம்’ இரண்டு செயலுக்கும் சேர்ந்துவிடும்.

‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதை முற்றிலும் ஒழிக்க வேண்டாம். வேறு துறைத் தலைவருக்கோ, நமக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லாத ஓர் அமைப்புக்கோ எழுதும் பத்தியில் அதுதான் பொருத்தம். சார்நிலை அலுவலர்களுக்கு ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’ போதும். அதையும் ஆவணத்தின் தொடக்கப் பத்தியிலும் இறுதிப் பத்தியிலும் மட்டும் வையுங்கள். இடையில் உள்ள நாற்பது பத்தியிலும் ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்று வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

அடுத்தது ‘படும்’. உங்கள் பிரிவு அலுவலர் செய்தித்தாள் மாதிரி என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சுற்றறிக்கை செயப்பாட்டு வினையில் ஓடும். அதை அப்படியே ‘படும்’ என்று கொண்டுவந்தால் இரண்டு கெடுதல் நடக்கும். ஒன்று, செய்பவர் மறைந்துவிடுவார். “கள ஆய்வு மேற்கொள்ளப்படும்” என்றால் யார் மேற்கொள்வது? கிராம நிர்வாக அலுவலரா, வருவாய் ஆய்வாளரா? மூலத்தில் முந்தைய வாக்கியத்தில் அது இருந்திருக்கும், தமிழில் அந்த இணைப்பு அறுந்துபோயிருக்கும். மூலத்தில் செய்பவர் தெரிந்தால், தமிழில் எழுவாயாக வைத்து ‘வேண்டும்’ என்று முடியுங்கள். மூலத்திலேயே தெரியவில்லை என்றால் நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம், துறையிடம் எழுத்தில் கேளுங்கள். ‘படும்’ என்பதை அரசு தானே செய்யப்போகும் செயலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நல்லது: “உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் பயனாளியின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்.” அங்கே அது வாக்குறுதிதான், வாக்குறுதியாகவே ஒலிக்கட்டும்.

இரண்டாவது கெடுதல் மரியாதை சம்பந்தப்பட்டது. ‘படும்’ அஃறிணை முடிவு. “தகுதியான பயனாளிகள் தேர்வு செய்யப்படும்” என்ற வாக்கியத்தை அரசு ஆவணங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அதே ஆவணத்தில் ஆட்சியர் வரும் இடமெல்லாம் ‘அவர்கள்’ இருக்கும். எழுபது வயது அம்மாவைப் பொருளாக்கி, அலுவலரை மட்டும் மனிதராக வைத்த ஆவணம் அது. யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை. ‘பயனாளி’ என்ற சொல்லின் ஈற்றில் ‘ர்’ இல்லாததால் கை தன்னால் ‘படும்’ என்று எழுதிவிடுகிறது. “பயனாளிகள் தேர்வு செய்யப்படுவார்கள்” என்று மாற்றுங்கள். ‘படுவர்’ என்பதும் சரிதான், ஆனால் ஆவணம் முழுவதும் ஒன்றே இருக்க வேண்டும். இதன் மறுபக்கம் பன்மை: “ஆவணங்கள் சரிபார்க்கப்படுகிறது” என்பது பிழை, “சரிபார்க்கப்படுகின்றன” என்று இருக்க வேண்டும். நிகழ்காலத்தில் ‘கிறது’ என்பதா ‘கின்றது’ என்பதா என்றும் முடிவு செய்யுங்கள். நான் ஒருமையில் ‘கிறது’, பன்மையில் ‘கின்றன’ என்று வைத்துக்கொள்வேன்.

வினையில் இன்னொரு நுட்பமும் உண்டு. கொடுப்பது என்ற ஒரே செயலுக்கு நம்மிடம் சமர்ப்பித்தல், அளித்தல், வழங்குதல், அனுப்புதல், தாக்கல் செய்தல் என்று வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யார் மேலே, யார் கீழே என்ற திசை ஒளிந்திருக்கிறது. ஒருவர் ‘விண்ணப்பதாரர் சமர்ப்பிக்க வேண்டும்’ என்றும் அடுத்தவர் ‘விண்ணப்பதாரர் அளிக்க வேண்டும்’ என்றும் எழுதினால், குடிமகன் ஒரு பக்கத்தில் குனிந்தும் அடுத்த பக்கத்தில் நிமிர்ந்தும் நிற்பார். என் வழக்கம் இது: பொதுமக்கள் அலுவலகத்துக்கு அளிப்பார்கள், அரசு பொதுமக்களுக்கு வழங்கும், கீழ் அலுவலகம் மேல் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும். ‘சமர்ப்பி’ என்பதை விட்டுவிடலாம். ‘தாக்கல்’ நீதிமன்றத்துக்கும் வேட்புமனுவுக்கும் இருக்கட்டும். ‘விண்ணப்பதாரர்’, ‘மனுதாரர்’ இரண்டில் முதலாவது போதும், திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர் குறை சொல்லி வந்தவர் இல்லையே.

சரி, 46 பக்கத்தில் இவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது? வரிவரியாகப் படித்தால் பத்தாவது பக்கத்தில் கண் பழகிவிடும், பிறகு எதுவும் தப்பாகத் தெரியாது. நான் செய்வது, வாக்கியத்தின் வாலை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பது. ஆவணத்தின் பிரதி ஒன்றை எடுத்து, வேர்டில் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வரும் இடத்தை எல்லாம், முற்றுப்புள்ளியும் புதிய பத்தியும் என்று மாற்றுங்கள். தேடும் பெட்டியில் ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும், மாற்றும் பெட்டியில் `.^p` என்று இட வேண்டும். வாக்கியங்கள் ஒவ்வொன்றும் தனி வரியாகும். ‘எண். 12’ போன்ற இடங்களும் உடைந்துவிடும், பரவாயில்லை, இது வெறும் சோதனைப் பிரதி. இதை எக்செலில் முதல் நிரலில் ஒட்டி, பக்கத்து நிரலில் இந்த வாய்பாட்டை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=TRIM(RIGHT(SUBSTITUTE(TRIM(A1)," ",REPT(" ",200)),200))
```

ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் தனியே வந்து நிற்கும். அந்த நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். வேண்டும், வேண்டும், கூடாது, வேண்டும், மேற்கொள்ளப்படும், மேற்கொள்ளப்படும், கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்... எந்த இடத்தில் கை மாறியது என்று நீங்களே விரல் வைத்துச் சொல்லிவிடலாம். பிறகு வடிகட்டியில் ‘படும்.’ என்று முடிபவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: செய்பவர் யார்? எழுவாய் மனிதரா? உங்கள் அளவுள்ள ஆவணத்துக்கு எனக்கு இது அரை நாள் வேலை.

ஒரு எச்சரிக்கை. மூவரில் ஒருவர் பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு ஒருங்குறிக்கு மாற்றியிருந்தால் தேடல் சிலவற்றைத் தவறவிடலாம். ‘கொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்த குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடுபொறிக்கு மட்டும் வேறுவேறு. ‘கொள்ளப்படு’ என்று தேடி, கண்ணெதிரே இருப்பதை அது காட்டவில்லை என்றால் காரணம் இதுதான். ‘ள்ளப்படு’ என்று கொம்பில்லாத துண்டைத் தேடினால் கிடைத்துவிடும்.

பெயர்ச்சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களிடம் பட்டியல் இருக்கிறது. அது அரசின் ஆட்சிச்சொல் அகராதியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். இணையத்தில் தேடும்போது இலங்கை அரசின் தமிழ் ஆவணங்களும் சேர்ந்து வரும். அங்கே உத்தியோகத்தர், நமக்கு அலுவலர். அங்கே சுற்றறிக்கையைச் சுற்றுநிருபம் என்றும் சொல்வார்கள். அவரவர் நாட்டில் இரண்டும் செம்மையான ஆட்சித் தமிழ்தான், ஆனால் ஒரே தாளில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். தேதி என்பதா நாள் என்பதா, நாட்கள் என்பதா நாள்கள் என்பதா என்பவற்றில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், எடுத்ததை மாற்றாதீர்கள்.

ஒரே நடை என்று கேட்டதும் பலர் செய்யும் தவறு, கடைசிப் பக்கம் வரை ஒரே விறைப்பில் எழுதுவது. உங்கள் சுற்றறிக்கையிலேயே மூன்று விதமான பேச்சு இருக்கும். பின்னணியை விளக்கும் பத்திகள் நடந்ததைச் சொல்கின்றன, அங்கே ‘செயல்படுத்தப்பட்டு வருகிறது’, ‘உயர்த்தப்பட்டது’ போன்ற முடிவுகள் இயல்பானவை. நெறிமுறைப் பகுதி அலுவலருக்குக் கடமை சொல்கிறது. இணைப்பில் வரும் விண்ணப்பப் படிவமும் அறிவிப்புப் பலகைக்கான வாசகமும் அந்த எழுபது வயது அம்மாவிடமோ, அவருக்காகப் படித்துச் சொல்லும் பேரனிடமோ பேசுகின்றன. அங்கே “விண்ணப்பதாரர் தமது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை இணைக்க வேண்டும்” என்று படர்க்கையில் எழுதுவதைவிட, “உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை இணைக்கவும்” என்பது நல்லது. ‘தங்கள்’ வேண்டுமா ‘உங்கள்’ வேண்டுமா என்று துறையைக் கேட்டுவிடுங்கள். நான் ‘உங்கள்’ என்பேன், மரியாதைக்கு அதில் குறைவில்லை. எது கிடைத்தாலும் எல்லா இணைப்பிலும் அதுவே இருக்கட்டும். அப்படிச் செய்ய எளிய வழி, இணைப்புகள் எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுப்பது. பக்க எண்ணை வைத்து வேலையைப் பிரித்ததுதான் உங்களுக்கு நேர்ந்த சங்கடத்தின் பாதிக் காரணம். பக்கம் 1 முதல் 15 வரை ஒருவர் என்று பிரித்தால் மூன்று விதப் பேச்சையும் மூவரும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

கைவைக்கக் கூடாத இடமும் உண்டு. முந்தைய அரசாணைகளிலிருந்தோ சுற்றறிக்கைகளிலிருந்தோ எடுத்த தமிழ்ப் பகுதி மேற்கோளாக வந்தால், அதில் ‘தாசில்தார்’ இருந்தாலும் ‘மனுதாரர்’ இருந்தாலும் அப்படியே விடுங்கள். மேற்கோள் குறி இல்லாமல் கலந்திருந்தால் முதலில் குறியைப் போடுங்கள். பழைய ஆணை தமிழில் வெளிவந்திருக்க, நீங்கள் ஆங்கில மேற்கோளைப் பார்த்துப் புதிதாக மொழிபெயர்த்திருந்தால், அதை நீக்கிவிட்டு வெளியான தமிழ் வாசகத்தைப் பெற்று வையுங்கள். அரசு ஒருமுறை சொன்னதை இன்னொரு சொல்லில் நாம் திருப்பிச் சொல்லக் கூடாது.

நீளமான வாக்கியங்களுக்கும் ஒரு விதி வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் விதி, விதிவிலக்கு, விதிவிலக்குக்கு ஒரு நிபந்தனை என்று தொடரும். ஒருவர் அதை உடைத்து, மற்றவர் ‘மற்றும்’, ‘மேலும்’ என்று கோத்துக்கொண்டே போயிருந்தால், சொல்லெல்லாம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஆள் பேசுவதுபோலத்தான் இருக்கும். விதிவிலக்கு தொடங்கும் இடத்தில் வாக்கியத்தை முடித்து, அடுத்ததை ‘எனினும்,’ என்று தொடங்குங்கள். ஆனால் நிபந்தனையை மட்டும் தனியே வெட்டாதீர்கள். ‘வருமானச் சான்று இருந்தால்’ என்ற பகுதி தன் வினையோடு ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிபந்தனை காணாமல் போய் வினை மட்டும் நடைமுறைக்கு வந்துவிடும்.

பத்து நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் முடிவுப் பட்டியல். அதைப் பிரிவு அலுவலரிடம் காட்டி, அவர் கையாலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள், பிறகு ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’ பற்றி வாக்குவாதம் வராது. இரண்டாம் நாள் எக்செல் சோதனை. அடுத்த நான்கு நாள் திருத்தம், அதிலும் நெறிமுறைப் பகுதி முழுவதும் ஒருவர் கையில். ஏழாம் நாள் எதையும் தொடாதீர்கள். எட்டாம் நாள் நெறிமுறைப் பகுதியை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், மற்ற இருவரும் தாளைப் பார்க்காமல் கேட்கட்டும். ‘இங்கே ஆள் மாறிவிட்டது’ என்று அவர்கள் கை தூக்கும் பத்தியைக் குறித்துக்கொண்டு, எக்செல் நிரலில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வால் சரியாக இருந்தும் கை தூக்கினார்கள் என்றால், எழுவாயைப் பாருங்கள். அங்கே செய்பவர் இன்னும் மறைந்துதான் இருப்பார்.